சிரிப்பு நின்றது, மெனு நிற்கவில்லை: மீம் டெம்ப்ளேட் ஒன்று கஃபே ஸ்கிரிப்டான நிகழ்வு ஆய்வு

பின்னணி

குடியிருப்புப் பகுதி ஒன்றில் இயங்கும் சிறிய கஃபே அது. காலையில் கூட்டம், மதியம் ஓரளவு கூட்டம். பிற்பகல் மூன்று மணி முதல் ஆறு மணி வரை நாற்காலிகள் காலியாகவே கிடக்கும். அந்த மூன்று மணி நேரத்துக்காக உரிமையாளர் ஒரு செட் அறிமுகப்படுத்தினார்: அரை சாண்ட்விச், ஒரு கப் சூப், இரண்டும் சேர்த்து ஒரே ஆர்டர். பெயர் ‘பாதிப் பாதி’. அச்சடித்த மெனு அட்டையில் அது இல்லை. அட்டையை மறுபடி அச்சடிக்கும் முன் செட் ஓடுகிறதா என்று பார்க்க நினைத்தார்.

ஆகவே வாடிக்கையாளருக்குப் போய்ச் சேர வேண்டிய செய்தி மூன்று துண்டுகளாக இருந்தது. என்ன கிடைக்கும்: அரை சாண்ட்விச்சும் சூப்பும். எப்போது: 3 முதல் 6 வரை மட்டும். எப்படி வாங்குவது: அட்டையில் தேடாமல் கவுண்டரில் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் ஆர்டர் நடக்காது. சாதாரண மெனு விளம்பரத்தில் பெயர் மட்டும் நினைவிருந்தால்கூட மீதியை அட்டை பார்த்துக்கொள்ளும். இங்கே அந்த வசதி கிடையாது.

ஊடகத்தையும் வடிவத்தையும் உரிமையாளரே முடிவு செய்துவிட்டார்: கைபேசிக்கான நீள்வாக்குக் காணொளி, நடிப்பது கடை ஊழியர்கள், வடிவம் எல்லாருக்கும் தெரிந்த ஒரு மீம். காதலியோடு நடக்கும் இளைஞன் எதிரே கடந்துபோகும் இன்னொரு பெண்ணைத் திரும்பிப் பார்க்க, காதலி அவனை முறைக்கும் டெம்ப்ளேட். ஸ்கிரிப்ட் எழுத, கடைக்கு அடிக்கடி வரும் ஒருவரை அமர்த்தினார். அவருக்கு மீம் போட்டுப் பழக்கம் உண்டு. விளம்பரம் எழுதியது அதுவே முதல் தடவை.

முதல் ஸ்கிரிப்ட்

அந்தப் படம் 2015-ல் ஸ்பெயினில் எடுக்கப்பட்ட ஸ்டாக் புகைப்படம். 2017-ல்தான் மீமாக உலகமெங்கும் பரவியது. கடை விளம்பரத்தில் படத்தை அப்படியே ஒட்டினால் உரிமம் வாங்க வேண்டும் என்பது எழுதுபவருக்குத் தெரிந்திருந்தது. அதனால் படத்தைத் தொடாமல் காட்சியை மட்டும் நடித்துக் காட்ட முடிவானது. அந்த அளவில் சரியான முடிவு.

ஸ்கிரிப்ட் 20 விநாடி. இளைஞனின் மார்பில் ‘நான்’ என்ற லேபிள், அவன் கையைப் பிடித்திருக்கும் பெண்மேல் ‘வழக்கமான காபி’, தட்டோடு கடந்துபோகும் பெண்மேல் ‘பாதிப் பாதி’. ஐந்தாவது விநாடியில் இளைஞன் திரும்பிப் பார்க்கிறான். ஏழாவது விநாடியில் காதலியின் வாய் பிளக்கிறது. ஒன்பதாவது விநாடியோடு காட்சி முடிகிறது. பிறகு செட்டின் படம், மெதுவாக நெருங்கும் கேமரா. கடைசி மூன்று விநாடியில் ஒரு அட்டை: என்ன, எப்போது, எப்படி என்ற மூன்றும் அதில் வரிவரியாக.

வெளியிடும் முன் கடைக்கு வெளியே யாருக்கும் போட்டுக் காட்டவில்லை. கடைக்குள் பார்த்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அதுவே போதும் என்று விட்டுவிட்டார்கள். அவர்களுக்கு ‘பாதிப் பாதி’ என்றால் என்னவென்று முன்பே தெரியும் என்பதை அப்போது யாரும் யோசிக்கவில்லை.

கவனித்தது

முதல் வாரம் கவுண்டரில் ஒரு தாள் வைத்து, காணொளியைப் பற்றி யார் என்ன சொன்னாலும் ஊழியர்கள் குறித்துக்கொண்டார்கள். இந்த முயற்சியில் செய்த ஆக மலிவான வேலை அதுதான். ஆகப் பயன்பட்டதும் அதுதான்.

காணொளியைப் பார்த்ததாகச் சொன்னவர்கள் 11 பேர். அவர்களில் செட்டைப் பெயர் சொல்லிக் கேட்டவர்கள் 3 பேர். நான்கு பேர் நடிப்பைப் பாராட்டிவிட்டு, வழக்கம்போல் காபி வாங்கிக்கொண்டு போனார்கள். இரண்டு பேர், ‘காபியை நிறுத்தப்போகிறீர்களா?’ என்று கேட்டார்கள். இன்னும் இரண்டு பேர் காலை பத்து மணிக்கு வந்து செட் கேட்டு, இல்லை என்றதும் முகம் சுளித்தார்கள்.

இதைப் பார்த்தபின், கடைக்குத் தொடர்பில்லாத ஆறு பேருக்குக் காணொளியை ஒரே ஒரு முறை, ஒலி இல்லாமல் காட்டினார் எழுதியவர். பத்து நிமிடம் வேறு பேச்சு. பிறகு மூன்று கேள்விகள்: கடையில் புதிதாக என்ன தருகிறார்கள், எப்போது, எப்படிக் கேட்க வேண்டும்? நகைச்சுவையை ஆறு பேரும் ஒழுங்காகச் சொன்னார்கள். செட்டின் பெயரை இரண்டு பேர் சொன்னார்கள். நேரத்தை ஒருவரும் சொல்லவில்லை. ஆறு பேர் என்பது எதையும் நிரூபிக்கப் போதாத எண்ணிக்கை. ஆனால் ஆறில் ஆறு பேரும் தவறவிட்ட ஒன்று திரையில் சரியாக இருக்கிறது என்று சொல்லவும் இடமில்லை.

எங்கே பிசகியது

முதலில் எல்லாரும் குறை சொன்னது கடைசி அட்டையை: மூன்று விநாடி போதவில்லை, ஐந்தாக்கலாம் என்றார்கள். அட்டையை நீட்டினாலும் பலன் இருந்திருக்காது. சிரிப்பு ஒன்பதாவது விநாடியில் முடிந்துவிடுகிறது; பார்ப்பவரின் விரல் அங்கேயே அடுத்த காணொளிக்குத் தள்ளிவிடுகிறது. சிரிப்புக்குப் பிறகு வரும் தகவல், விருந்தினர் கிளம்பிய பிறகு பரிமாறிய இலைதான்.

அடுத்த பிசகு டெம்ப்ளேட்டுக்குள்ளேயே இருந்தது. ஒவ்வொரு மீம் டெம்ப்ளேட்டிலும் சில இருக்கைகள் உண்டு. ஒவ்வொரு இருக்கைக்கும் ஒரு தீர்ப்பு முன்பே எழுதப்பட்டிருக்கிறது. லேபிளை மாற்றலாம், தீர்ப்பை மாற்ற முடியாது. திரும்பிப் பார்க்கும் டெம்ப்ளேட்டில் இளைஞன் செய்வது துரோகம். கடந்துபோகும் பெண் ஒரு சபலம். கைவிடப்படுகிற காதலி நியாயம் உள்ளவள். இதில் கடை தன் செட்டைச் சபலத்தின் இருக்கையில் உட்காரவைத்தது. அதைவிட மோசம், கைவிடப்பட்டவளின் இருக்கையில் வைத்தது அன்றாடம் அதிகம் விற்கும் தன் காபியையே. காபியை நிறுத்தப்போகிறீர்களா என்று கேட்டவர்கள் டெம்ப்ளேட்டைச் சரியாகவே வாசித்திருக்கிறார்கள்.

பெண்கள் இருவரையும் மாற்றிக்கொள்ளத்தக்க பொருட்களாகக் காட்டுவதும் இதே தீர்ப்பின் பகுதிதான். ஸ்வீடனில் ஒரு இணையச் சேவை நிறுவனம் ஆள் எடுக்கும் விளம்பரத்துக்கு இதே படத்தைப் பயன்படுத்தியது. 2018-ல் அந்நாட்டின் விளம்பரத் துறைக் கண்காணிப்பு அமைப்பு அதைப் பாலினப் பாகுபாடு என்று கண்டித்தது. வேலை வாய்ப்பைச் சொல்லவந்த விளம்பரம் அதன்பின் எதற்காகப் பேசப்பட்டது என்பதை விளக்க வேண்டியதில்லை. கஃபேக்கு அப்படி எந்தக் கண்டனமும் வரவில்லை. ஆனால் தட்டோடு நடந்த பெண் ஊழியர், இனி அதில் நடிக்க விருப்பமில்லை என்று சொல்லிவிட்டார்.

மூன்றாவது விஷயத்தை ஒரு எளிய சோதனை காட்டிக்கொடுத்தது. ‘பாதிப் பாதி’ என்ற லேபிளைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு காணொளியைப் பார்த்தார்கள். நகைச்சுவை துளியும் குறையவில்லை. அந்த இடத்தில் புதுச் செருப்பு என்று எழுதியிருந்தாலும் அதே சிரிப்புதான் வந்திருக்கும். நகைச்சுவைக்கு மெனு தேவைப்படாதபோது, பார்ப்பவர் மெனுவை ஏன் நினைவில் வைக்க வேண்டும்?

டெம்ப்ளேட்டை மாற்றிய முடிவு

இரண்டு மாற்றுகள் மேசைக்கு வந்தன. ஒன்று, மூளை படிப்படியாக ஒளிர்ந்து விரியும் நான்கு கட்ட டெம்ப்ளேட். சாதாரண யோசனையில் தொடங்கி, கடைசிக் கட்டத்தில் பிரபஞ்சமே திறக்கும். உரிமையாளர் இதை விரும்பினார். ஏறிக்கொண்டே போகும் வரிசையின் உச்சியில் செட்டை வைக்கலாம் அல்லவா என்றார். எழுதியவர் மறுத்த காரணம் கவனிக்கத்தக்கது. இந்த டெம்ப்ளேட்டில் மேலே போகப்போக யோசனை கிறுக்குத்தனமாவதுதான் வழக்கம். கடைசி இருக்கை கிண்டலுக்கு உரியது. அங்கே வைத்த செட்டைப் பார்ப்பவர் ‘இது நிஜமாகவே கிடைக்குமா, சும்மா கலாய்க்கிறார்களா?’ என்று ஐயப்படுவார். புதிய பொருளுக்கு அந்த ஐயம் ஆகாது.

மற்றது, முகத்தைத் திருப்பிக் கையால் ‘வேண்டாம்’ என்பதும், விரல் நீட்டி ‘ஆங், இதுதான்’ என்பதுமான இரட்டைப் பட டெம்ப்ளேட். இதில் இருக்கைகள் இரண்டே. கீழ் இருக்கையின் தீர்ப்பு கிண்டல் கலவாத ஒப்புதல். செட் அங்கே உட்காரலாம். மேல் இருக்கையில் என்ன வைப்பது என்பதில்தான் ஒரு மணி நேரம் போனது. முழு சாண்ட்விச்சை வைத்தால் மறுபடியும் கடை தன் பொருளையே தள்ளிவிடும். பக்கத்துக் கடையை வைத்தால் சண்டை வரும். கடைசியில், வாடிக்கையாளர் நாலு மணிப் பசியை வீட்டிலோ அலுவலகத்திலோ சமாளிக்கும் விதத்தை அங்கே வைப்பது என்று தீர்ந்தது: டப்பாவின் அடியில் மிஞ்சிய பிஸ்கட் தூள், அடுத்து வெறும் தண்ணீர். யாருடைய வியாபாரமும் கெடாது. அந்தப் பசிக்கு ஒரு நேரம் இருப்பதால், நேரமும் கதைக்குள் தானாக வந்துவிட்டது.

இந்த டெம்ப்ளேட்டின் மூலப் படமும் ஒரு பாடகரின் காணொளியிலிருந்து எடுத்தது. எனவே அந்த உடையையோ பின்னணி நிறத்தையோ பாவனை செய்யாமல், கையசைவின் ஒழுங்கை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். பாட்டும் போடவில்லை. வணிகக் கணக்குகளுக்கு இன்ஸ்டாகிராம் எல்லாப் பாடல்களையும் திறந்துவிடுவதில்லை. வணிகப் பயன்பாட்டுக்கு அனுமதித்தவை மட்டுமே கிடைக்கும். கோப்பையில் கரண்டி தட்டும் ஒலியே தாளமாயிற்று.

இரண்டாவது ஸ்கிரிப்ட்

படமாக இருக்கும் மீமில் லேபிளும் முகமும் ஒரே பார்வையில் விழும். காணொளியில் எது முதலில் வரும் என்பதை எழுதுபவர்தான் முடிவு செய்ய வேண்டும். முகமும் எழுத்தும் ஒன்றாக வந்தால் கண் முகத்துக்குத்தான் போகும். எழுத்தைப் படிக்கும்முன் முகம் மாறிவிடும். ஆகவே ஒவ்வொரு ஷாட்டிலும் லேபிள் முதலில், ஒரு விநாடி கழித்து முகபாவம் என்று வரிசை வைத்தார்கள். காணொளி 15 விநாடி:

0–2: சுவர்க் கடிகாரம் நாலு மணி காட்டுகிறது. கீழே மேசையில் ஒரு பெண் வயிற்றைத் தடவுகிறாள். எழுத்து: ‘மணி நாலு’.

2–5: டப்பா திறக்கிறது. எழுத்து: ‘பிஸ்கட் தூள்?’ அவள் முகத்தைத் திருப்பிக் கையால் மறுக்கிறாள்.

5–8: தண்ணீர் பாட்டில். எழுத்து: ‘தண்ணீர்?’ அதே மறுப்பு, இம்முறை இன்னும் சலிப்போடு.

8–12: கஃபேயின் கவுண்டர். எழுத்து: ‘அரை சாண்ட்விச் + ஒரு கப் சூப்’. அவள் விரல் நீட்டிச் சொல்கிறாள்: ‘பாதிப் பாதி ஒண்ணு!’

12–15: தட்டு வந்து இறங்குகிறது. அவள் முகம் மலர்கிறது. எழுத்து: ‘3 முதல் 6 வரை. பேரைச் சொல்லிக் கேளுங்க.’

இந்த ஸ்கிரிப்டின் அச்சாணி எட்டாவது விநாடி. டெம்ப்ளேட்டின் ஒப்புதல் சைகையான விரல் நீட்டலும், கடையில் ஆர்டர் கொடுக்கும் சைகையும் அங்கே ஒன்றாகிவிடுகின்றன. மூன்றாவது துண்டான ‘எப்படிக் கேட்பது’ தனியாக விளக்கப்படவில்லை. பாத்திரம் செய்து காட்டுகிறது. அவள் சொல்லும் வரியையே வாடிக்கையாளரும் கவுண்டரில் சொல்ல வேண்டும். சிரிப்பும் அங்கேதான். தட்டு இறங்கும்வரை அது முடியாததால் நேரம் பற்றிய எழுத்துக்கும் பார்வையாளர் இருக்கிறார்.

கட்டைவிரல் சோதனை மறுபடி நடந்தது. எட்டாவது விநாடியின் எழுத்தையும் வசனத்தையும் நீக்கிப் பார்த்தால், பசித்த ஒருத்தி எதையோ காட்டுகிறாள் என்பது மட்டும் மிஞ்சியது. நகைச்சுவை சரிந்துவிட்டது. வேண்டியது அதுதான்.

முதல் வரைவில் பிஸ்கட் ஷாட்டின் எழுத்து ‘டப்பாவின் அடியில் மிச்சமிருக்கும் பிஸ்கட் தூள்’ என்று இருந்தது. படிக்கச் சுவையானதுதான். ஆனால் முகம் திரும்பும்முன் இருக்கும் ஒரு விநாடிக்குள் அதை வாய்விட்டுப் படித்து முடிக்க முடியவில்லை. அளவுகோல் ஒன்றே: எழுத்து தனியாக நிற்கும் நேரத்துக்குள் நிதானமாக ஒரு முறை உரக்கப் படிக்க முடியாவிட்டால் வெட்ட வேண்டும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. குறுகிய திரையில் சொல்லுக்கு நடுவே வரி உடைந்தால் படிக்கும் நேரம் இன்னும் கூடும். டப்பாவின் அடியைக் கேமராவே காட்டிவிட்டதால் எழுத்தில் அது தேவைப்படவும் இல்லை.

வெளியான பிறகு

வேறு ஆறு பேரிடம் அதே முறையில், ஒலி இல்லாமல், ஒரே முறை காட்டிக் கேட்டார்கள். ஐந்து பேர் அரை சாண்ட்விச்சும் சூப்பும் என்றார்கள். நேரத்தை நான்கு பேர் சொன்னார்கள். ‘பாதிப் பாதி’ என்ற பெயரைச் சொன்னவர்கள் ஒருவர்கூட இல்லை. காரணம் உடனே தெரிந்தது: பெயர் வசனத்தில் மட்டும் இருந்தது, திரையில் இல்லை. ஒலியை அணைத்து வைத்துப் பார்ப்பவருக்குப் பெயரே எட்டாது. எட்டாவது விநாடியின் எழுத்தை இரண்டாக்கினார்கள்: முதல் இரண்டு விநாடி பொருள், அடுத்த இரண்டு விநாடி வசனமே எழுத்தாக. மறுபடி படமெடுக்கத் தேவைப்படவில்லை.

வெளியிட்ட முதல் வாரத் தாளில், காணொளியைக் குறிப்பிட்டவர்கள் 14 பேர். பெயர் சொல்லிக் கேட்டவர்கள் 9 பேர். இரண்டு வாரங்களையும் நேராக ஒப்பிட முடியாது. செட் அதற்குள் வாய்வழியாகவும் பரவியிருக்கும். எனினும் காபியைப் பற்றிக் கேட்டவர்கள் யாரும் இல்லை, காலையில் வந்து ஏமாந்தவர்களும் இல்லை.

ஏமாந்தவர்கள் இம்முறை மாலையில் வந்தார்கள். ஆறரை மணிக்கு வந்து கேட்டவர்கள் மூன்று பேர். அவர்களில் ஒருவரின் கைபேசியிலேயே காணொளியைப் போட்டுப் பார்த்தபோது புரிந்தது: நேரத்தைச் சொல்லும் எழுத்து திரையின் அடிப்பகுதியில் இருந்ததால், கணக்கின் பெயரும் விளக்கவரியும் அதன்மேல் ஏறி ‘6 வரை’ என்பதை மறைத்திருந்தன. ரீல் வகைக் காணொளிகளில் கீழ்ப்பகுதியில் சுமார் 35 விழுக்காட்டையும், மேலே சுமார் 14 விழுக்காட்டையும் எழுத்தில்லாமல் விட வேண்டும். வலது ஓரத்தில் பொத்தான்கள் இருக்கும். எடிட் செய்த திரையில் இவை எதுவும் தெரியவில்லை. எழுத்தை நடுவுக்கு ஏற்றிப் புதிதாகப் பதிவேற்ற வேண்டியதாயிற்று. பழைய பதிவுக்கு வந்திருந்த கருத்துகளும் பகிர்வுகளும் அதோடு போயின.

இன்னொன்று திரைக்கு வெளியே நடந்தது. மாலை ஷிஃப்டுக்குப் புதிதாக வந்த ஊழியரிடம் ஒருவர் ‘பாதிப் பாதி ஒண்ணு’ என்று விரல் நீட்டியே கேட்டிருக்கிறார். ஊழியர் விழித்தார். பில் இயந்திரத்தில் அந்த செட் ‘சூப் காம்போ 2’ என்று பதிவாகியிருந்தது. வாடிக்கையாளர் காணொளியை எடுத்துக் காட்டித்தான் ஆர்டர் கொடுத்தார். அன்றிரவே பொத்தானின் பெயரை மாற்றினார்கள்.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

டெம்ப்ளேட்டைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே செய்தியின் துண்டுகளைத் தாளில் எழுதி, எந்தத் துண்டு எந்த இருக்கையில் உட்காரும் என்று பொருத்திப் பார்த்திருக்க வேண்டும். இங்கே டெம்ப்ளேட் முதலில் முடிவானது, செய்தி பிறகு அதற்குள் திணிக்கப்பட்டது. ஒரு படப்பிடிப்பு நாள் வீணானதற்குக் காரணம் அந்த வரிசைதான்.

ஆறு பேர் சோதனையை எடிட் முடிந்தபின் நடத்துவது தாமதம். ஸ்கிரிப்டை ஐந்து ஷாட்டுகளாகக் கைபேசியில் புகைப்படம் எடுத்து, எழுத்தைப் பதித்து, ஒவ்வொன்றையும் அதற்குரிய விநாடிகள் காட்டினாலே போதும். நேரமும் பெயரும் நிற்கிறதா என்பது தெரிந்துவிடும். பதிவேற்றும்முன் ஒரு தனிப்பட்ட கணக்கில் ஏற்றி, இரண்டு வெவ்வேறு அளவுக் கைபேசிகளில் பார்ப்பதும் ஸ்கிரிப்ட் வேலையின் பகுதியாக இருக்க வேண்டும்.

ஊழியர்களுக்கான ஒரு வரி ஸ்கிரிப்டிலேயே சேர்ந்திருக்க வேண்டும்: வாடிக்கையாளர் இந்த வார்த்தையைச் சொல்வார், நீங்கள் இந்தப் பொத்தானை அழுத்த வேண்டும். ஆறு மணிக்குமேல் வருபவருக்கு என்ன பதில் என்பதும் அதில் இருந்திருக்கலாம். அந்த மூன்று பேருக்கும் ஊழியர்கள் மூன்று விதமாகப் பதில் சொல்லியிருக்கிறார்கள். ஒருவருக்குச் செட்டே கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

தீராமல் நிற்கும் சிக்கல் ஒன்று உண்டு. சூப்பை நிறுத்தும் நாளில் காணொளியை இறக்குவது யார் பொறுப்பு என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. உரிமையாளர் கணக்கின் கடவுச்சொல்லை எழுதியவரிடமே விட்டிருக்கிறார். எழுதியவர் இப்போது கடைக்கு வருவது குறைந்துவிட்டது.